முதலில் கண்ணில் படுவது முதல் மறுபடி வாங்குவது வரை: வாடிக்கையாளர் பயணத்தின் எந்த இடத்தில் எந்தப் பதிவைப் போட்டீர்கள்? அனுபவங்களைப் பகிரவும்

தையல்கட்டு
கையால் தைத்துக் கட்டும் நாட்குறிப்பேடுகளை இணையத்தில் விற்கிறேன். வாங்கியவர்கள் எந்த வழியாக வந்தார்கள் என்று கூகுள் அனலிடிக்ஸில் பார்த்தால், பெரும்பாலோர் Direct என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடந்தார்கள். அதை மட்டும் நம்பினால் சமூக ஊடகமே வேண்டாம் என்றுதான் தோன்றும். ஆகவே பணம் செலுத்தி முடித்ததும் வரும் பக்கத்தில் ஒரு கேள்வி வைத்தேன்: "எங்களை முதன்முதலில் எங்கே பார்த்தீர்கள்?" பதிலுக்குக் காலிக் கட்டம் மட்டும். பட்டியல் கொடுத்தால் மேலே இருப்பதைத் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ஒருவர் எழுதியது: "தோழி ஒரு வீடியோ அனுப்பினாள், நோட்டின் முதுகைத் தைக்கும் வீடியோ. சேமித்து வைத்தேன். கையிலிருந்த நோட்டு தீர்ந்ததும் கடைப் பெயரைத் தேடி வந்தேன்." இந்த வரியைத்தான் வரைபடமாக்கினேன். தோழி அனுப்பிய வீடியோவில் எங்கள் பெயர் இல்லாவிட்டால் அவரால் தேடவே முடியாது. அதனால் இப்போது பெயரைக் காட்சிக்குள்ளேயே பதிக்கிறேன். சேமிப்பதற்கும் வாங்குவதற்கும் நடுவே எல்லோரும் கேட்பவை இரண்டுதான்: மை பின்பக்கம் ஊறுமா, நோட்டு தட்டையாக விரியுமா? ஊற்றுப்பேனாவால் எழுதிய தாளின் இரு பக்கங்களையும் காட்டும் பதிவு ஒன்றை முகப்பின் உச்சியில் பொருத்தினேன். விருப்பக்குறி அதற்குக் குறைவு. ஆனால் அதே கேள்விகள் உள்பெட்டிக்கு வருவது நின்றுவிட்டது.

பழைய கணக்கர்
அந்த Direct தலைப்பை நேரடி வருகை என்று படிக்காதீர்கள்; 'வழி தெரியவில்லை' என்று படியுங்கள். தனிச்செய்தியில் பகிரப்படும் இணைப்பு பெரும்பாலும் எங்கிருந்து வந்தது என்ற தடயமில்லாமல்தான் வரும். சஃபாரி உலாவியில் இன்னொரு சிக்கல். தளத்தின் ஸ்கிரிப்ட் பதிக்கும் குக்கி 7 நாளில் அழிந்துவிடும். பத்து நாள் யோசித்துவிட்டுத் திரும்பும் அதே ஆள் புதியவராகத் தெரிவார். ஆகவே உங்கள் கையில் உள்ள இணைப்புகளுக்காவது குறி போடுங்கள்:

```
?utm_source=instagram&utm_medium=bio
```

காலிக் கட்டப் பதிலுக்கும் எல்லை உண்டு. எங்கே பார்த்தாலும் இன்ஸ்டாகிராம் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அதைவிட, வாங்காமல் போனவரிடம் அந்தக் கேள்வி போய்ச் சேர்வதே இல்லை.

நேர்வழி
எனக்கு இந்த வரைபடமெல்லாம் சுற்றுவழி. கடைசியாக எந்த விளம்பரத்தைத் தட்டினாரோ அதுதான் விற்றது. என் கடைப் பெயருக்கான தேடல் விளம்பரம்தான் எப்போதும் முதலிடம். பணத்தை அங்கேயே போடுகிறேன்.

பழைய கணக்கர்
பாதி சரி. கடைசிப் படியில் தடுமாறுபவருக்கு அந்த விளம்பரம் உதவும். ஆனால் கடைப் பெயரைத் தட்டச்சு செய்பவர் ஏற்கெனவே உங்களைத் தேடித்தான் வருகிறார். சில வாரம் அதை நிறுத்திப் பாருங்கள். மொத்த விற்பனை அசையாவிட்டால், தானாக வரவிருந்தவருக்கே காசு கொடுத்திருக்கிறீர்கள். போட்டியாளர் உங்கள் பெயருக்கு விளம்பரம் போடுகிறார் என்றால் கதை வேறு.

நீலப்பெட்டி
வாடிக்கையாளர் பயணம் என்றால் பார்சல் எங்கே வருகிறது என்று காட்டும் வரைபடம்தானே? நாங்கள் விளக்குக் கூண்டு விற்கிறோம். அந்த இணைப்பைத்தான் ஆட்கள் திரும்பத் திரும்பத் திறக்கிறார்கள். ஆனால் பார்சல் கைக்கு வருமுன்பே அதே கூண்டின் விளம்பரம் அவர்களைத் துரத்துகிறது என்று கோபப்படுகிறார்கள்.

தையல்கட்டு
கேட்டது வேறு, ஆனாலும் நல்ல இடத்தைத் தொட்டீர்கள். வாங்கியவர் பட்டியலை விளம்பரக் கணக்கில் ஏற்றி, அவர்களை விலக்கிவிடுங்கள். பார்சலுக்குக் காத்திருக்கும் நாட்களில் நான் விற்பனைப் பதிவு எதையும் காட்டுவதில்லை. புது நோட்டின் முதுகை உடையாமல் விரிப்பது எப்படி என்ற சிறு வீடியோவை மட்டும் அனுப்புகிறேன்.

மைக்குப்பி
மறுபடி வாங்குவதற்கு எப்போது நினைவூட்டுகிறீர்கள்? நான் மூன்று மாதத்தில் மின்னஞ்சல் அனுப்பினேன். "குப்பியில் இன்னும் பாதி மை இருக்கிறது" என்று பதில் வந்தது.

தையல்கட்டு
நாள் குறித்து அனுப்புவதை விட்டுவிட்டேன். 192 பக்க நோட்டை ஒருவர் ஆறு மாதத்தில் முடிப்பார், இன்னொருவர் இரண்டே மாதத்தில். கடைசி இருபது பக்கத்துக்கு முன்னால் ஒரு சீட்டைச் செருகுகிறேன், அதில் க்யூஆர் குறியீடும் அதே அளவு நோட்டுக்கான இணைப்பும். அவரவர் வேகத்துக்கு அது தானாகக் கண்ணில் படும். மறுகொள்முதலில் அந்தச் சீட்டின் பங்கு, அதே வேலைக்காகப் போட்ட பதிவுகளைவிட அதிகம். மைக்குப்பியில் சீட்டுச் செருக முடியாது. லேபிளின் அடிப்பகுதியில், மை இறங்கினால் தெரியும்படி ஒரு கோடு போட்டுப் பார்க்கலாம்.

மைக்குப்பி
கண்ணாடி கறுப்பு, கோடு தெரியாது. மூடியின் உட்புறத்தில் ஒட்டலாமா என்று பார்க்கிறேன். ஆனால் என்னிடம் வாங்குபவர்களில் பலர் பரிசுக்காக வாங்குகிறார்கள். மை தீர்வது ஒருவர் வீட்டில், முகவரி இருப்பது இன்னொருவருடையது. அந்த இரண்டாம் ஆளை யாராவது பிடித்திருக்கிறீர்களா?