புதுப்பிப்பு: மேல்வீட்டு மாமாவின் டிஸ்சார்ஜ் சம்மரி

நான் கேட்டிருந்தது: “நாலு பக்கத்தில் நடு ரெண்டும் இல்லை. கடைசியில் ‘சிஎஸ்டி’, ‘எஸ்ஓஎஸ்’ என்று இருக்கிறது. வீட்டில் எப்படிச் சொல்ல?”

ஓய்வுபெற்ற நர்ஸ் அக்காவின் பதில்தான் கைகொடுத்தது. சிஎஸ்டி என்றால் அதே சிகிச்சையைத் தொடரவும். எந்தச் சிகிச்சை? அது காணாமல் போன பக்கத்தில். சுருக்கெழுத்தின் விரிவை மட்டும் சொல்லியிருந்தால், மாமி பழைய பிரஷர் மாத்திரையையே கொடுத்துக்கொண்டிருப்பார்.

முதல் பக்கத்தில் ‘பிடிசிஏ, டிஇஎஸ் டு எல்ஏடி’. இதயத்தின் முன்பக்க ரத்தக்குழாயில் மருந்து பூசிய ஸ்டென்ட். அதற்கு ஆஸ்பிரினோடு ரத்தம் உறையாமலிருக்க இன்னொரு மாத்திரையும் தருவார்கள். இடையில் விட்டால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். “க்ளோபிடோக்ரல்தான், வாங்கிக் கொடுங்கள்” என்றார் ஒருவர். மருந்தின் வகை சரி, ஆனால் ஊகித்துக் கொடுக்க மனம் வரவில்லை. அன்று மாலையே உள்நோயாளி எண்ணான ஐபி நம்பரைச் சொல்லி வார்டுக்குப் போன் செய்தோம். அந்த இன்னொரு மாத்திரை டிகாக்ரெலார் 90 மில்லிகிராம், காலையும் இரவும் என்றார்கள்.

எஸ்ஓஎஸ் பார்த்து மாமி அழுதேவிட்டார், உயிராபத்து என்று நினைத்து. தேவைப்பட்டால் மட்டும் என்று சொன்னேன். அது நாக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு நேரே இருந்ததால், நெஞ்சுவலி வந்தால் அதை வைத்துவிட்டு 108-ஐ அழைக்கவும் சொன்னேன்.



மெடிக்கல் ரெக்கார்ட்ஸில் நகலுக்கு எழுதிக் கொடுத்தோம். மூன்றாம் பக்கம் வந்தது. இரண்டாவது இன்னும் வரவில்லை. சுகர் மாத்திரையை நிறுத்தினார்களா என்று ரிவ்யூவில்தான் கேட்க வேண்டும்.