புதுப்பிப்பு: ஹெபடைடிஸ் பி இரண்டாம் ஊசி தள்ளிப்போனது, மூன்றாவது எப்போது?

என் பழைய கேள்வி: "லேப் வேலைக்காக முதல் ஊசி ஜனவரி 10 அன்று போட்டேன். பிப்ரவரி 7 போட வேண்டிய இரண்டாவது, மார்ச் 20தான் போட்டேன். மறுபடி முதலிலிருந்தா?"

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்றாவது ஊசி ஜூலை 10 அன்று போட்டாச்சு.

தடுப்பூசி முகாம்களில் வேலை பார்த்த அக்கா சொன்னதுதான் சரி. இடைவெளி நீண்டாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. மூன்றாவது ஊசிக்கான ஆறு மாதத்தை முதல் ஊசியிலிருந்தே எண்ணணும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே குறைந்தது 8 வாரம் இருக்கணும், அவ்வளவுதான். எனக்கு 16 வாரம் இருந்தது.

"தாமதமானா பரவாயில்லை" என்ற அண்ணன் பாதி சரி. தாமதம் ஊசியைக் கெடுக்காது, ஆனால் அதுவரை முழுப் பாதுகாப்பு கிடையாது. ரத்த மாதிரிக் குழாய்களோடு புழங்கும் எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. நாய்க்கடி ஊசி அட்டவணை போட்ட நண்பரே, அது வேறு கணக்கு.

எதிர்பாராதது: கார்டில் அடுத்த தேதி செப்டம்பர் 20 என்று எழுதியிருந்தார்கள், இரண்டாவதிலிருந்து எண்ணி. முதல் ஊசித் தேதியைக் காட்டியதும் மருத்துவரே அடித்துத் திருத்தினார்.

கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து, ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி எவ்வளவு வந்திருக்கு என்று பார்க்கும் ஆன்டி-எச்பிஎஸ் பரிசோதனை. அந்த அளவு 10க்குக் குறைந்தால் என்ன செய்வது என்று அப்போது கேட்கிறேன்.