நாலு மணிக்கு அணைந்துபோன வாட்ச்

திங்கள் காலை

ராஜி அத்தை: நேற்று நிச்சயத்தில் தட்டு மாற்றும்போது நாலரைக்குள் முடித்தோமா இல்லையா? ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம். அண்ணா கையைப் பார்த்தால் வாட்ச் கறுப்பாக இருந்தது

பெரியப்பா: நாலு மணிக்கே அணைந்துவிட்டது. காலையில் ஐந்து மணிக்குச் சார்ஜ் நூறு சதவீதம் பார்த்துத்தான் கட்டினேன். பழுது. முரளி மாற்றிக் கொடு

முரளி: பழுதெல்லாம் இல்லை அப்பா. Always On Display போட்டிருக்கிறீர்கள், அதுதான் குடிக்கிறது. அணைத்துவிடுங்கள்

ராஜி அத்தை: வாங்கிக் கொடுக்கும்போதே சொல்லிக் கொடுத்திருக்கலாம்

முரளி: சொன்னேன் அத்தை. யார் கேட்டார்கள்

கவிதா: முரளி அண்ணா, அது மட்டும் இருக்காது. என்னுடைய கேலக்ஸி வாட்ச் 6-க்குக் கம்பெனி சொல்லும் கணக்கு, எப்போதும் மணி தெரியும்படி வைத்தால் 30 மணி நேரம், அணைத்தால் 40. அதாவது மணிக்கு மூன்று சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல், இல்லாவிட்டால் இரண்டரை. பெரியப்பாவுக்குப் பதினோரு மணி நேரத்தில் நூறும் போயிருக்கிறது, மணிக்கு ஒன்பது. வேறு வாட்ச் என்றாலும் இவ்வளவு வித்தியாசம் வராது, வேறு ஏதோ ஒன்று தின்கிறது. பெரியப்பா, Screen timeout எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?

பெரியப்பா: ஒரு நிமிடம். கண்ணாடி எடுத்துப் போடுவதற்குள் அணைந்துவிடுகிறது என்று மாற்றினேன். வெளிச்சமும் முழுதாக வைத்தேன்

கவிதா: Raise wrist to wake?

பெரியப்பா: அதுவும் உண்டு

பெரியம்மா: இவர் பேசினாலே கை இரண்டும் ஆடும். நேற்று சம்பந்தியிடம் 84-இல் நிலம் விற்ற கதையைச் சொன்னார், வாட்ச் தீபாவளி மாதிரி மின்னிக்கொண்டே இருந்தது

கவிதா: அதேதான் பெரியம்மா. கையைத் திருப்பினால் மணி பார்க்கத்தான் திருப்புகிறார் என்று வாட்ச் நினைத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் முழு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் எரியும், அது அணைவதற்குள் கை மறுபடி ஆடும். மங்கலாக எப்போதும் நிற்கும் மணிக்கு இவ்வளவு செலவு ஆகாது, இப்படி விட்டுவிட்டு எரிவதுதான் செலவு. தூங்கும்போது புரண்டாலும் எரியும், அதனால் இரவில் ஸ்லீப் மோடில் போடுங்கள்

செல்வி சித்தி: என் போனிலும் மணி எப்போதும் தெரிகிறது, அதையும் அணைக்கணுமா

கவிதா: போன் வேறு சித்தி. அது அப்படியே இருக்கட்டும்

முரளி: சரி, அப்படியென்றால் Raise-ஐ அணைத்துவிட்டால் போதுமே, இரண்டும் எதற்கு

கவிதா: பாதி சரி அண்ணா. Always On அணைந்திருந்தால் Raise இருந்தே ஆகணும், இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் இன்னொரு கையால் தட்டணும், ஸ்கூட்டர் ஓட்டும்போது நடக்காது. பெரியப்பாவுக்கு நான் சொல்வது இது: Always On இருக்கட்டும், Raise வேண்டாம், Touch screen to wake இருக்கட்டும், நேரம் 15 விநாடி, வெளிச்சம் தானாக மாறட்டும். முக்கியமாக அந்த வெள்ளைப் பின்னணி முகப்பை எடுத்துவிட்டுக் கறுப்பில் பெரிய எண் இருக்கிற ஒன்றைப் போடுங்கள். கறுப்பு இடத்தில் திரை எரியாது, கண்ணாடி இல்லாமலும் எண் தெரியும்

பெரியப்பா: அந்த வெள்ளையில் பிள்ளையார் படம் இருக்கிறது

பெரியம்மா: பிள்ளையார் வாசலிலும் இருக்கிறார்

முரளி: எப்போதும் எரிந்தால் அந்த எண் திரையிலேயே பதிந்துவிடாதா?

கவிதா: பதியக்கூடியதுதான். அதனால்தான் மங்கலாக நிற்கும்போது எண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். கறுப்பு முகப்பு அதற்கும் நல்லது

செல்வி சித்தி: வெள்ளிக்கிழமை வளைகாப்புக்குக் கலந்த சாதம் எத்தனை வகை? யாரும் சொல்லவில்லை

ராஜி அத்தை: ஐந்து. புளியோதரை நான்

செவ்வாய் மாலை

பெரியப்பா: கவிதா, காலை ஐந்து மணிக்கு 100. இப்போது நாலு. 62 இருக்கிறது

கவிதா: சரியாக வந்திருக்கிறது பெரியப்பா. மணிக்கு மூன்றரைக்குப் பக்கம்

பெரியப்பா: ஆனால் மதியம் கடைத்தெருவில் வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. தட்டினால்தான் வந்தது. வெள்ளிக்கிழமை சந்தனக் கையோடு எப்படித் தட்டுவது? பத்தரைக்கு ராகு காலம்

கவிதா: ஈரக் கை என்றால் தொடுவதும் சரியாக எடுக்காது. அன்றைக்கு மட்டும் Raise போட்டுக்கொள்ளலாம், நேரம் 15 விநாடியிலேயே இருக்கட்டும். கொஞ்சம் கூடப் போகும், மதியத்துக்குத் தாங்கும்

முரளி: பேசாமல் Always On-ஐ அணைத்து Raise மட்டும் வையுங்கள் என்கிறேன்

பெரியம்மா: கை ஆடும்

முரளி: ஆடட்டும் அம்மா, 15 விநாடிதானே

பெரியப்பா: நாளைக்கு அதையும் பார்க்கிறேன். பிள்ளையாரைக் கறுப்பில் போட முடியுமா?

ராஜி அத்தை: நான் சாவி கொடுக்கிற வாட்சைக் கட்டிக்கொண்டு வருகிறேன். எலுமிச்சை சாதம் யார்?