மாதம் முடிந்தபின் வரும் ரிட்டர்ன் யார் கணக்கில் கழிய வேண்டும்? உங்கள் அனுபவம் என்ன?

நீலவானம்

எங்கள் சேல்ஸ் டீமின் மாத லீடர்போர்டை நான்தான் தயாரிக்கிறேன். முதலிடத்துக்குப் பரிசு உண்டு. போன மார்ச்சில் நடந்ததை எழுதுகிறேன், உங்கள் இடத்தில் இதை எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.

மார்ச் 29 அன்று 1,00,000 மதிப்பில் ஒரு ஆர்டர் வந்தது, 31 அன்று டெலிவரியும் ஆகிவிட்டது. வாடிக்கையாளரைப் பிடித்து முதல் டெமோ காட்டியவர் ஒருவர், பேசி முடித்தவர் இன்னொருவர். முடித்தவருக்கு 60, மற்றவருக்கு 40 என்று கிரெடிட்டைப் பிரித்தோம். அந்த ஆர்டரால்தான் முடித்தவர் முதலிடம் பிடித்தார். இரண்டாமிடம் வந்த வேறொருவரை விட 12,000 மட்டுமே கூடுதல். ஏப்ரல் 2 அன்று பரிசையும் கொடுத்துவிட்டார்கள்.

ஏப்ரல் 11 அன்று அதில் 30,000 மதிப்புள்ள சரக்கு திரும்பி வந்தது. சிஸ்டத்தில் ஆர்டர்மேல் இருப்பது முடித்தவரின் பெயர் மட்டும்தான். அதனால் முழு 30,000மும் அவருடைய ஏப்ரல் கணக்கில் கழிந்தது. வரவில் 60 பங்கு வாங்கியவர் கழிவில் 100 பங்கையும் சுமக்கிறார், 40 வாங்கியவருக்கு ஒன்றுமே குறையவில்லை. மார்ச்சில் இரண்டாமிடம் வந்தவரோ, "அவர் பங்குக்கு 18,000 கழித்தால் நான்தானே முதல்?" என்று கேட்கிறார். எனக்கு அவர் கேட்பது நியாயமாகவே படுகிறது.

செந்தூரம்

மூடிய மாதத்தைத் திறக்கவே கூடாது. ரிட்டர்ன் எந்த மாதம் வருகிறதோ அந்த மாதத்தில் கழியுங்கள். எங்கள் கணக்குப் பிரிவும் கிரெடிட் நோட் போட்ட மாதத்தில்தான் கழிக்கிறது. பழைய மாதத்தைத் தோண்ட ஆரம்பித்தால் ஜனவரி வரைக்கும் தோண்டச் சொல்வார்கள். பிரிப்பு விஷயத்தில் மட்டும் நீங்கள் சொல்வது சரி, வந்த விகிதத்திலேயே போக வேண்டும்.

பயணி

எனக்கும் இதே கொடுமை நடந்தது. வேலையை விட்டபோது ரிட்டர்ன் வரலாம் என்று சொல்லி என் கடைசி மாதக் கமிஷனை நிறுத்தி வைத்தார்கள். பாதிதான் கைக்கு வந்தது. இப்படிப் பிடிக்க அவர்களுக்கு உரிமை உண்டா?

நீலவானம்

பயணி, நான் கேட்பது தரவரிசையைப் பற்றி, கமிஷன் வேறு கதை. உங்கள் வேலை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துத் தனியாகக் கேளுங்கள், பதில் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள்.

கணக்கன்

செந்தூரம் சொல்வது கமிஷனுக்குப் பொருந்தும். இந்த மாதம் கூடுதலாகப் போன பணம் அடுத்த மாதம் கழிந்து நேராகிவிடும். தரவரிசை அப்படி நேராவதில்லை. மார்ச்சில் முதலிடம் என்று அறிவித்தது அறிவித்ததுதான், ஏப்ரலில் கழிப்பதால் இரண்டாமவருக்கு அந்த இடம் கிடைக்கப்போவதில்லை. இந்த விதி எங்களிடம் இருந்தபோது கடைசி வாரத்தில் "எடுத்து வையுங்கள், வேண்டாமென்றால் திருப்பிவிடலாம்" என்று சரக்கைத் தள்ளுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. நேர்மையாக விற்றவர்கள்தான் நொந்துபோனார்கள்.

பிறகு நாங்கள் மாற்றியது இதுதான். ஆர்டரை அது பதிவான மாதத்தில் எண்ணாமல் டெலிவரி ஆன மாதத்தில் எண்ணுகிறோம். அனுப்புவதற்கு முன்பே கேன்சல் ஆனவை அதனால் பலகைக்கு வருவதே இல்லை, கழிக்க வேண்டிய தேவையும் இல்லை. எங்கள் ரிட்டர்ன் கெடு டெலிவரியிலிருந்து 15 நாள். மார்ச் 31 அன்று டெலிவரி ஆனதற்கு ஏப்ரல் 15 வரை கெடு இருக்கிறது, எனவே மார்ச் பலகை ஏப்ரல் 16 அன்றுதான் இறுதியாகும். அதுவரை வருகிற ரிட்டர்ன் எல்லாம் மார்ச்சிலேயே கழியும். உங்கள் ஏப்ரல் 11 ரிட்டர்னும் இதில் அடங்கிவிடும். கெடு தாண்டி விதிவிலக்காக ஏற்கிற ஒன்றிரண்டை மட்டும் செந்தூரம் சொல்கிறபடி நடப்பு மாதத்தில் கழிக்கிறோம்.

பங்கு விகிதத்தை ஆர்டர் பதிவாகும் நாளிலேயே எழுதிப் பூட்டிவிடுங்கள். ரிட்டர்ன் வந்தபிறகு "எனக்கு உண்மையில் 20தான்" என்று குறைத்துக்கொள்ள வருவார்கள்.

செந்தூரம்

பதினாறு நாள் கழித்துப் பரிசு கொடுத்தால் யாருக்கு உற்சாகம் இருக்கும்? அதற்குள் அடுத்த மாதத்தில் பாதி ஓடிவிடுமே.

கணக்கன்

பலகை தினமும் கண்ணில் படத்தான் செய்கிறது, மேலே "தற்காலிகம்" என்று போட்டிருக்கும். பரிசுக்கு மட்டும்தான் காத்திருப்பு. முதலில் முணுமுணுத்தார்கள், உண்மைதான். ஆனால் கொடுத்த பரிசைப் பற்றிப் பிறகு சண்டை வருவதில்லை.

மகிழினி

நீலவானம், 60/40 பிரிப்பை ரிப்போர்ட்டில் சேர்க்கும்போது கவனம். எங்கள் டீமில் அதைச் சேர்த்த மாதம் ரிட்டர்ன் அதிகம் உள்ளவர்கள் பலகையில் மேலே ஏறினார்கள்! ஆர்டர், பங்கு, ரிட்டர்ன் ஆகிய மூன்று டேபிளையும் நேரடியாக ஜாயின் செய்ததுதான் காரணம்.

உங்கள் ஆர்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 30,000 ஒரே தடவையில் வராமல் 20,000, 10,000 என இரண்டு ரிட்டர்னாக வந்திருந்தால், ஒவ்வொருவரின் பங்கு வரியும் இரண்டிரண்டாகப் பெருகும். ஆர்டர் தொகை இரண்டு முறை கூடும், ரிட்டர்ன் ஒரு முறைதான் கழியும். முடித்தவருக்கு 60,000 இரண்டு தடவை சேர்ந்து, 18,000 கழிந்து, 1,02,000 என்று காட்டும். சரியான எண் 42,000. ரிட்டர்னை முதலில் ஆர்டர்வாரியாகக் கூட்டிவிட்டு அதன்பின் ஜாயின் செய்தால் இந்தச் சிக்கல் வராது:

```sql
WITH r AS (
  SELECT order_id, SUM(amount) AS returned
  FROM returns
  GROUP BY order_id
)
SELECT c.rep_id,
       SUM((o.amount - COALESCE(r.returned, 0)) * c.share) AS net
FROM orders o
JOIN credits c ON c.order_id = o.order_id
LEFT JOIN r ON r.order_id = o.order_id
WHERE o.delivered_on >= '2025-03-01'
  AND o.delivered_on <  '2025-04-01'
GROUP BY c.rep_id;
```

`share` என்பது 0.6, 0.4 மாதிரி. ஒரு ஆர்டரின் பங்குகளைக் கூட்டினால் 1 வர வேண்டும். பலகையில் எல்லோருடைய எண்ணையும் கூட்டுங்கள், அதே மாத டெலிவரிகளின் நிகர விற்பனையோடு அது பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் யார் பெயரையும் அறிவிக்காதீர்கள். எங்களுக்குத் தவறு பிடிபட்டதே இந்தக் கூட்டலில்தான்.

நீலவானம்

மிக்க நன்றி, இதை நான் யோசித்திருக்கவே மாட்டேன். இன்னொரு சந்தேகம். அந்த 30,000இல் ஒரு பகுதி கிடங்கிலிருந்து தவறான மாடல் அனுப்பியதால் திரும்பியது. விற்றவர் மேல் தப்பே இல்லை. அதையும் அவர் கணக்கில் கழிப்பதா?

கணக்கன்

நாங்கள் கழிப்பதில்லை. தவறான பொருள், வழியில் சேதம், இந்த இரண்டு காரணங்களுக்கும் விற்பனையாளரின் கிரெடிட் அப்படியே நிற்கும். ஆனால் காரணத்தைச் சரக்கைப் பிரித்துப் பார்க்கும் கிடங்கு ஆள்தான் பதிய வேண்டும். விற்பனையாளர் கையில் அதை விட்டிருந்தபோது திடீரென்று எல்லாப் பெட்டியும் சேதமாகத் தொடங்கின.

மகிழினி

இதில் எனக்கு உடன்பாடில்லை. விதிவிலக்கு வைத்தால் பலகையின் கூட்டுத்தொகை நிகர விற்பனையோடு பொருந்தாது, தவறைக் கண்டுபிடிக்கும் ஒரே வழியும் அடைபடும். கிடங்கின் தவறு எல்லோருக்கும்தான் நடக்கிறது, கழித்துவிட்டுப் போகலாம்.

கணக்கன்

எல்லோருக்கும் சமமாக நடப்பதில்லையே. பெரிய ஆர்டர் வைத்திருப்பவருக்கு ஒரே தவறு முழு மாதத்தையும் சாய்த்துவிடும். விதிவிலக்குத் தொகையைத் தனி வரியாகக் காட்டி, அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கலாம், பொருந்தும்.

நீலவானம்

மார்ச் பரிசைத் திரும்ப வாங்கப்போவதில்லை, இரண்டாமவருக்கும் ஒன்று கொடுக்க மேலாளர் ஒத்துக்கொண்டார். ஏப்ரல் கணக்கிலிருந்து டெலிவரி மாதமும் 15 நாள் கெடுவும் நடைமுறைக்கு வருகின்றன. கிடங்குத் தவறு பற்றி டீமிலேயே இரண்டு கட்சி இருக்கிறது, திங்கட்கிழமைக் கூட்டத்தில் பேசுகிறோம்.