பழைய மலர் பிடிஎஃப்ல இருந்து தமிழ எடுக்க முடியல, ஸ்கேனா இல்ல நெஜ எழுத்தா எப்படி கண்டுபிடிக்கிறது?

குடியாத்தம் தறிவீடு:
எங்க ஊர் நெசவாளர் சங்கம் ஒண்ணு 90கள்ல போட்ட மலர், 64 பக்கம், ஒருத்தர் பிடிஎஃப்பா அனுப்பினாரு. அதுல எங்க தாத்தா எழுதின கட்டுரை ஒண்ணு இருக்குது, தனியா எடுத்து பசங்களுக்கு புக்கா போட்டு குடுக்கணும்னு ஆசை. ஆன்லைன்ல வேர்டா மாத்திப் பாத்தேன், பாதி பக்கம் வெறும் படமா வந்துச்சு, மீதி பக்கம் இங்கிலீஷ் எழுத்துல என்னன்னே புரியாத குப்பையா வந்துச்சு, மூணு சைட்ல பாத்துட்டேன் மூணுலயும் இதே தான். நெசவாளர்னு போட்டு தேடினா ஒண்ணு கூட கிடைக்கல ஆனா பக்கம் பூரா அந்த வார்த்தை தான் இருக்குது. என்ன பண்றது, யாராவது சொல்லுங்க.

சத்துவாச்சாரி பையன்:
அக்கா ரொம்ப சிம்பிள். பிடிஎஃப்ப அடோபி ரீடர்ல தொறந்து கன்ட்ரோல் டி அடிங்க, பான்ட்ஸ்னு ஒரு டேப் வரும். அதுல பேரு ஏதாவது இருந்தா நெஜ எழுத்து, காலியா இருந்தா ஸ்கேன். ஸ்கேன்னா மொத்தத்தையும் ஓசிஆர் போட்டுடுங்க, படத்துல இருக்குற எழுத்த அதுவே படிச்சு குடுத்துடும், வேலை முடிஞ்சுது.

குடியாத்தம் தறிவீடு:
பாத்தேன் தம்பி, காலியா தான் இருக்குது. அப்போ 64 பக்கமும் ஓசிஆர் தானா?

காட்பாடி டிடிபி:
அம்மா கொஞ்சம் நிறுத்துங்க, ஓசிஆர் போட்றாதீங்க. அந்த டேப் இதுவரைக்கும் நீங்க தொறந்து பாத்த பக்கத்துல இருக்குற பான்ட மட்டும் தான் காட்டும். நீங்க அட்டைல நின்னுகினு பாத்திருப்பீங்க, அட்டை படம், அதான் காலி. கடைசிப் பக்கம் வரைக்கும் மெதுவா உருட்டிட்டு மறுபடி கன்ட்ரோல் டி அடிங்க. அப்புறம் குப்பையா வந்த பக்கத்துல ஒரு வரிய காப்பி பண்ணி இங்க போடுங்க, அப்படியே, திருத்தாம. அந்தப் பக்கத்த 800 சதவீதம் பெருசாக்கி எழுத்தோட ஓரத்தயும் பாருங்க, வழவழன்னு இருக்குதா இல்ல கட்டம் கட்டமா ஒடையுதா.

குடியாத்தம் தறிவீடு:
உருட்டினதும் Bamini னு ஒரு பேரு வந்துச்சு சார்! ஓரம் கத்தி மாதிரி இருக்குது, ஒடையவே இல்ல. ஆனா 45ம் பக்கத்துல இருந்து கட்டம் கட்டமா ஒடையுது. காப்பி பண்ணினது: nerthsh;

காட்பாடி டிடிபி:
அது குப்பை இல்லம்மா. அது தான் நெசவாளர். பாமினில `ne` அடிச்சா நெ, `r` ச, `th` வா, `s` ள, `h;` அடிச்சா ர். அந்தக் காலத்துல யூனிகோட் எங்க கடைங்கள்ல கிடையாது, இங்கிலீஷ் எழுத்தோட இடத்துல தமிழ் உருவத்த வரைஞ்சு வச்ச பான்ட்ல தான் அடிப்போம், நானே வருசக்கணக்கா அப்படித்தான் அடிச்சிருக்கேன். ஃபைலுக்கு அது இங்கிலீஷ், கண்ணுக்கு தமிழ். நீங்க கன்ட்ரோல் எஃப்ல நெசவாளர்னு தேடினா வராது, `nerthsh;` னு தேடிப் பாருங்க வரிசையா வந்து நிக்கும்.

அதனால தான் ஓசிஆர் வேணாம்னேன். அங்க எழுத்து ஒண்ணு விடாம சரியா இருக்குது, குறியீட மட்டும் மாத்துனா போதும். ஓசிஆர் போட்டா அந்த எழுத்த எல்லாம் தூக்கிப் போட்டுட்டு படத்தப் பாத்து மறுபடி ஊகிக்கும், 'ன'வ 'ண'ன்னு படிக்கும், ஒத்து விட்ரும், அப்புறம் 44 பக்கம் நீங்க உக்காந்து திருத்தணும். பாமினில இருந்து யூனிகோட் மாத்துற சைட் நெறைய இருக்குது, காப்பி பண்ணி போடுங்க. ஒண்ணு மட்டும் கவனிங்க, கட்டுரைக்கு நடுவுல நெஜமாவே இங்கிலீஷ் வார்த்தை இருந்தா அதையும் தமிழ்னு நெனச்சு மாத்திடும். `yarn` னு இருந்தது லயசன்னு வந்து பக்கத்துல ஒரு ஒத்தக் கொம்பு தனியா நிக்கும். அந்த மாதிரி எடத்த பிடிஎஃப்ல பாத்து கையால அடிச்சுக்கோங்க.

லினக்ஸ் இருக்குற பையன் வீட்ல இருந்தா இது இன்னும் தெளிவா காட்டும்:

```
pdffonts malar.pdf
pdfimages -list malar.pdf
```

முதல் கமாண்ட்ல uni னு ஒரு பத்தி வரும், பான்டுக்கு யூனிகோட் குறிப்பு இருக்குதான்னு சொல்றது அது, உங்க பாமினிக்கு அங்க no இருக்க வாய்ப்பு அதிகம். ரெண்டாவதுல 45ல இருந்து பக்கத்துக்கு ஒரு பெரிய படம் வரிசையா வரும்.

வாலாஜா ரீடர்:
எனக்கும் இதே கேஸ் தான் சார், தாலுகா வரலாறு புக் ஒண்ணு. செலக்ட் ஆகுது, காப்பி பண்ணா இங்கிலீஷ் குப்பை. பாமினி கன்வர்ட்டர், இன்னும் நாலஞ்சு கன்வர்ட்டர் போட்டுப் பாத்தேன், எதுலயும் தமிழ் வரல.

காட்பாடி டிடிபி:
உங்களுது இதே கேஸ் இல்லன்னு நெனைக்கிறேன். ஒரே வார்த்தைய மூணு எடத்துல காப்பி பண்ணிப் பாருங்க. பான்ட் விஷயம்னா மூணு தடவையும் அச்சு அசலா ஒரே எழுத்து வரும். மூணும் வேற வேறயா வந்துச்சுன்னா, யாரோ தமிழ்ப் பக்கத்துக்கு இங்கிலீஷ் ஓசிஆர் போட்டு ஒளிச்சு வச்சிருக்காங்க. பான்ட் பேரு என்னன்னு பாருங்க.

வாலாஜா ரீடர்:
GlyphLessFont னு இருக்குது. வார்த்தை மூணும் மூணு விதமா தான் வருது.

காட்பாடி டிடிபி:
அதே தான். அது டெசராக்ட்னு ஒரு ஓசிஆர் போட்ட கண்ணுக்குத் தெரியாத எழுத்து, பக்கம் வெறும் படம். எந்த கன்வர்ட்டரும் உதவாது, ஏன்னா மாத்துறதுக்கு அடியில தமிழே கிடையாது. தமிழ் பேக் போட்டுட்டு இத ஓட்டுங்க:

```
ocrmypdf -l tam+eng --redo-ocr book.pdf out.pdf
```

`--redo-ocr` இல்லாம ஓட்டுனா ஏற்கனவே எழுத்து இருக்குதுன்னு சொல்லி நின்னுடும்.

ஆரணி ஆப்செட்:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும், ஓரத்த மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க. நாங்க பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் கோரல்ல அடிச்சு கர்வ் பண்ணி தான் பிரஸ்ஸுக்கு அனுப்புவோம், பான்ட் பிரச்சனை வரக்கூடாதுன்னு. அந்த பிடிஎஃப்ல எவ்வளவு பெருசாக்கினாலும் ஓரம் ஒடையாது, ஆனா பான்டும் இருக்காது படமும் இருக்காது, எழுத்து எல்லாம் வெறும் கோடு. போன வாரம் ஒரு கஸ்டமர் மூணு மணி நேரம் காப்பி பண்ணப் பாத்துட்டு வந்து நின்னாரு, பாவமா இருந்துச்சு.

காட்பாடி டிடிபி:
சரியா சொன்னீங்க ஆரணி, அத விட்டுட்டேன். கர்வ் ஆனது எழுத்தே இல்ல, 300 டிபிஐ படமா மாத்தி ஓசிஆர் தான் போடணும். ஸ்கேன விட சுத்தமா இருக்குறதால நல்லாவே வரும்.

சத்துவாச்சாரி பையன்:
அந்த டேப் பாத்த பக்கம் வரைக்கும் தான் காட்டும்னு எனக்கு தெரியாது சார். மன்னிச்சுடுங்க அக்கா, உங்கள தப்பா ஓட்டிட்டேன்.

குடியாத்தம் தறிவீடு:
பரவால்ல தம்பி. தாத்தா கட்டுரை 17ம் பக்கத்துல இருந்து 21 வரைக்கும், பூரா பாமினி, மாத்திட்டேன், ரெண்டே எடத்துல இங்கிலீஷ் கெட்டிருந்துச்சு, கையால போட்டேன். ராத்திரி அம்மாவுக்கு படிச்சு காட்டினேன்.

45ல இருந்து 64 வரைக்கும் சங்கத்தோட 1950கள் அறிக்கைங்கள ஸ்கேன் பண்ணி சேத்திருக்காங்க. தம்பி லேப்டாப்ல ஓசிஆர் போட்டோம், சுமாரா வருது, ஆனா லை ளை னை எல்லாம் கண்டபடி வருது. பழைய தும்பிக்கை போட்ட எழுத்து அது.

காட்பாடி டிடிபி:
1978 சீர்திருத்தத்துக்கு முன்னாடி அச்சு, டெசராக்ட் தமிழ் பேக் அதுல தடுமாறும், றா னா ணா கூட அப்படித்தான். எவ்வளவு டிபிஐ இருக்குதுன்னு `pdfimages -list` ல x-ppi பத்தியில பாருங்க, 300க்கு கீழ இருந்தா சங்கத்துல மூல புக்க கேட்டு மறுபடி ஸ்கேன் எடுக்கலாம். ஆனா அந்த தும்பிக்கைக்கு எனக்கும் நல்ல வழி தெரியல, நான் இதுவரைக்கும் கையால தான் திருத்திகினு இருக்கேன். யாராவது பழைய எழுத்துக்கு ட்ரெய்ன் பண்ணின பேக் வச்சிருந்தா இங்க போடுங்க.

குடியாத்தம் தறிவீடு:
பாத்தேன், 96 தான் காட்டுது. நாளைக்கு சங்கத்துல போய் கேக்குறேன்.