புதுப்பிப்பு: கரும்புள்ளி மானிட்டர், கடைக்காரருக்கு எழுதிய கடிதம்

போன வாரம் நான் கேட்டது: “ரீஃபர்பிஷ்ட் மானிட்டர் வாங்கினேன், திரையில் கரும்புள்ளிகள். மாற்றித் தரச் சொல்லி எப்படி எழுதுவது?”

கடிதம் போய் பதிலும் வந்துவிட்டது.

அன்று இங்கே பதில் சொன்னவர்களில் ஒருவர், புள்ளியைத் துணியால் மெல்ல அழுத்தச் சொன்னார். ஒரே நிறத்தில் எரிந்து நிற்கும் புள்ளிக்கு அது சில சமயம் பலிக்கும். என்னுடையவை எந்த நிறத்திலும் கறுப்புதான், அதனால் தொடவில்லை. இன்னொருவர் தன் டிவியில் விழுந்த கோட்டைப் பற்றி எழுதினார். அது வேறு கோளாறு.

கை கொடுத்தது பேனல் சர்வீஸ் பார்க்கும் கோயம்புத்தூர் அண்ணன்தான். ஸ்கிரீன்ஷாட்டில் புள்ளி விழாது, கேமராவில் எடு என்றார். கொழிஞ்சாம்பாறை வீட்டில் விளக்கை அணைத்து, திரையைத் துடைத்து, முழு வெள்ளையிலும் சிவப்பிலும் எடுத்தேன். மொத்தம் 7. மூன்று நட்டநடுவில், எழுத்து படிக்கும் இடத்தில். 10 லட்சம் பிக்சலுக்கு 2 கரும்புள்ளி வரை பல கம்பெனிகள் பொறுத்துக்கொள்ளச் சொல்லும். 1920×1080 திரைக்கு அது 4. நமக்கு அதைத் தாண்டிவிட்டது.

எழுதியது இவ்வளவுதான்:

“ஐயா, விளம்பரத்தில் ‘திரையில் குறை இல்லை’ என்றிருந்தது. பெட்டி பிரித்த அன்றே 7 கரும்புள்ளிகள் கண்டேன். படங்கள், பில், சீரியல் எண் இணைத்துள்ளேன். வேறு மானிட்டர் தாருங்கள், அல்லது முழுப் பணத்தையும் திருப்பித் தாருங்கள். ஏழு நாளில் பதில் வேண்டும்.”

கடைக்காரர் எர்ணாகுளத்தில் இருக்கிறார். பக்கத்து வீட்டு சேச்சி அதையே கீழே மலையாளத்திலும் எழுதித் தந்தார். மூன்றாம் நாள், மாற்றித் தருகிறோம் என்றார்கள். அப்புறம், கூரியர் செலவு என் தலையில் என்கிறார்கள். அதற்கு நான் இன்னும் சம்மதிக்கவில்லை.