பொருள்: "யூத் பல்ஜ்" – இளைஞர் வீக்கமா, வேறு சொல்லா?

கோமதி எழுதியது:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கல்லூரி மாணவர்களுக்கான திட்டமிடல் நூல் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். அதில், மக்கள்தொகையில் இளைஞர் பங்கு பெரிதாக இருப்பதைக் குறிக்க "யூத் பல்ஜ்" என்று வரும் இடங்களில் எல்லாம் பதிப்பாசிரியர் "இளைஞர் வீக்கம்" என்று திருத்தி அனுப்பியிருக்கிறார். நாளிதழ்களிலும் அப்படிப் பார்த்த நினைவு. ஆனால் எனக்கு மனம் ஒப்பவில்லை. வீக்கம் என்றால் வலி, வடிய வேண்டியது, மருந்து போட வேண்டியது. ஒரு நாட்டின் பிள்ளைகளை அந்தச் சொல்லால் அழைக்க என் கை கூசுகிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மூன்றாம் அத்தியாயம் ஈரானின் இளைஞர்களைப் பற்றியது, நான்காம் அத்தியாயம் ஜப்பானின் முதியவர்களைப் பற்றியது. எந்த வயதில் எத்தனை பேர் என்று காட்டும் வரைபடங்களில் இரண்டும் ஒரே வடிவம்; புடைத்த இடம் மட்டும் வேறு உயரத்தில் இருக்கிறது. முதல் படத்துக்கு "இளைஞர் வீக்கம்" என்று எழுதிவிட்டால் இரண்டாவதை என்னவென்று சொல்வது? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

அருள் எழுதியது:

> வீக்கம் என்றால் வலி

பணவீக்கம் என்கிறோமே, அங்கே யாருக்கும் கை கூசவில்லையே? வழக்கில் ஊன்றிய சொல்லை மாற்றுவது வீண் வேலை. வாசகருக்கு உடனே புரிகிறது, அது போதாதா?

ஆப்பிரிக்க நாடான நைஜரை எடுத்துக்கொள்ளுங்கள். மக்கள்தொகையில் ஏறத்தாழப் பாதிப்பேர் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். வீக்கத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு உலகில் இல்லை. முதியோர் பக்கத்துக்கு "முதியோர் வீக்கம்" என்று எழுதிவிட்டால் இரண்டும் பொருந்திப்போகும்.

பழனிவேல் எழுதியது:

அன்புள்ள கோமதி அம்மா, தம்பி அருள்,

முப்பது ஆண்டுகள் மக்கள்தொகைக் கணக்கோடு பிழைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன். சொல்லைத் தேடும் முன் பொருளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நைஜர் நல்ல எடுத்துக்காட்டு அன்று. அங்கே ஒவ்வோர் ஆண்டும் பிறக்கும் பிள்ளைகள் முந்தைய ஆண்டைவிட அதிகம். வயது வரைபடம் அடியில் அகன்ற கோபுரம் போல இருக்கும். எங்கும் புடைப்பு இல்லை. புடைப்பு என்று ஒன்று தெரிய வேண்டுமானால் அதற்குக் கீழே ஒடுங்கியிருக்க வேண்டும். அதாவது, நிறையப் பிறந்த பிறகு பிறப்பு குறைந்திருக்க வேண்டும்.

ஈரானில் நடந்தது அதுதான். 1980களின் நடுவில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஆறு பிள்ளைகளுக்கு மேல். ஈராக்குடன் நடந்த போர் முடிந்த பிறகு, 1989இல், அரசு குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தை மீண்டும் கையில் எடுத்தது. சிற்றூர்தோறும் இருந்த சுகாதார இல்லங்கள் வழியாக அது வீட்டு வாசல் வரை போனது. 2000 வாக்கில் சராசரி இரண்டுக்கு வந்துவிட்டது. ஒரு தலைமுறைக்குள் இவ்வளவு வேகமான சரிவு உலகில் மிக அரிது. ஆகவே 1980களில் பிறந்தவர்கள் மட்டும் வரைபடத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறார்கள். எலியை விழுங்கிய பாம்பைப் பாருங்கள். எலி ஒரே இடத்தில் இருப்பதில்லை; ஆண்டுக்கு ஒரு வயதாக நகர்ந்துகொண்டே போகும்.

திட்டமிடுபவருக்கு இதுதான் உயிரான செய்தி. அந்தப் பிள்ளைகள் பள்ளிக்கு வந்தபோது கட்டடம் போதவில்லை. ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு பள்ளி, பிற்பகலில் இன்னொரு பள்ளி. சில ஊர்களில் மூன்றாவது முறையும் நடந்தது. இரண்டு பேருக்கான பெஞ்சில் மூன்று பேர், நடுவில் இருப்பவன் எழுத வேண்டுமானால் ஓரத்தில் இருப்பவன் முழங்கையை ஒடுக்க வேண்டும். பதினைந்து ஆண்டுகளில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்துவிட்டது. கூட்டம் பல்கலைக்கழக வாசலுக்கு நகர்ந்தது. நுழைவுத் தேர்வைப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் எழுதினார்கள். புதிய கல்லூரிகளைத் திறந்து இடங்களைப் பெருக்கினார்கள். பெருக்கி முடித்தபோது எலி அங்கிருந்தும் நகர்ந்துவிட்டது, இடங்கள் காலியாகக் கிடந்தன.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. அந்தப் பிள்ளைகளுக்காக ஒரே காலத்தில் வேலைக்கு எடுத்த ஆசிரியர்கள் முப்பதாண்டுப் பணி முடித்து ஒருசேர ஓய்வு பெற்றார்கள். பிள்ளைகள் குறைந்த நாட்டில் ஆசிரியர் பற்றாக்குறை! ஒரு புடைப்பு தனக்குப் பணி செய்ய வந்தவர்களிடமும் தன் அச்சைப் பதித்துவிட்டுப் போகிறது.

1983இல் பிறந்தவருக்கு 2048இல் 65 வயதாகும். இப்போது அவர்கள் உழைத்துச் சந்தா கட்டும் வயதில் இருக்கிறார்கள். ஓய்வூதிய நிதிகளில் பணம் சேர வேண்டிய காலம் இதுதான். ஆனால் பெரிய நிதிகள் சில இப்போதே அரசுப் பணத்தை நம்பித்தான் ஓய்வூதியம் தருகின்றன. அந்தப் பெருங்கூட்டம் இன்னும் ஓய்வு பெறவே இல்லை என்பதை நினைத்துப் பாருங்கள்.

நைஜரின் கணக்கு வேறு. ஆண்டுக்கு மூன்று விழுக்காட்டுக்கு மேல் வளரும் மக்கள்தொகை 23 ஆண்டுக்குள் இரட்டிப்பாகிவிடும். அங்கே கட்டிய பள்ளி காலியாகாது. முறை வைத்துச் சமாளித்தால் அதுவே நிரந்தரமாகிவிடும். ஈரானுக்கு வாடகைக் கட்டடம் சரியான முடிவு, நைஜருக்குத் தவறான முடிவு. இரண்டையும் ஒரே சொல்லால் குறித்தால் மாணவன் ஒரே மருந்தைத்தான் எழுதுவான்.

நம் அடுக்களையில் ஒரு சொல் இருக்கிறது. இட்லி வேகவைக்கும்போது "முதல் ஈடு, இரண்டாம் ஈடு" என்கிறோம். சேர்ந்து வெந்து சேர்ந்து இறங்குவது ஓர் ஈடு. ஓராண்டில் பிறந்தவர்களை "ஈடு" என்றும், பெருங்கூட்டமாகப் பிறந்தவர்களைப் "பேரீடு" என்றும் சொன்னால் என்ன?

வசந்தா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். நாடுகளுக்கு வயதாவதற்கு என்ன சொல் என்று கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். "மூப்பு" என்று எழுதுங்கள். "முதுமை" நிலை, "மூப்பு" நிகழ்வு. மக்கள்தொகை மூப்படைகிறது என்றால் எவ்வளவு அழகாக இருக்கிறது!

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. 1988இல் நான் சேர்ந்த ஊராட்சிப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் இரண்டு பிரிவு. போன மாதம் போய்ப் பார்த்தேன், முழுப் பள்ளிக்கும் பதினான்கு பிள்ளைகள். என் பழைய வகுப்பறையில் தட்டுகளை அடுக்கிவைத்திருக்கிறார்கள். வெளியே திண்ணையில் முதியோர் உதவித்தொகைக்குக் காத்திருந்தவர்கள் பதினான்குக்கு மேல் இருப்பார்கள். பழனிவேல் ஐயா எழுதியதைப் படித்ததும் அந்தத் திண்ணைதான் கண்முன் வந்தது.

இரவி எழுதியது:

ஜப்பானில் ஒரு முதியோர் பராமரிப்பு இல்லத்தில் ஐந்து ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஜப்பானியர்கள் இந்தக் கேள்வியை எப்போதோ எதிர்கொண்டுவிட்டார்கள். போர் முடிந்து 1947 முதல் 1949 வரை ஆண்டுக்கு ஏறத்தாழ 27 லட்சம் பிள்ளைகள் பிறந்தார்கள். 2023இல் பிறந்தவர்கள் 7 லட்சத்து 27 ஆயிரம்தான். அந்த மூன்றாண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாவலாசிரியர் 1976இல் "டங்காய்" தலைமுறை என்று பெயர் வைத்தார். பாறைக்குள் உருண்டு திரண்டு நிற்கும் கட்டிக்கு நிலவியலில் வழங்கும் சொல் அது. பெயர் வைத்தபோது அவர்களுக்கு முப்பதுகூட நிறையவில்லை. இன்று எல்லோரும் 75ஐத் தாண்டிவிட்டார்கள். பெயர் அப்படியே பொருந்துகிறது, ஏனென்றால் அதில் வயது இல்லை!

எங்கள் இல்லத்தில் படுக்கைதோறும் பெயரும் பிறந்த ஆண்டும் எழுதிய அட்டை தொங்கும். புதிதாக வருபவர்களின் அட்டைகளில், ஜப்பானிய ஆண்டுக் கணக்கில், ஷோவா 22, 23, 24 என்ற எண்களே திரும்பத் திரும்ப வருகின்றன. அதாவது 1947, 48, 49. மூன்று பேருக்கு ஒரு பணியாளர் என்பது விதி. ஆனால் இரவுப் பணி, விடுப்பு எல்லாம் கழித்துப் பார்த்தால் பகலில் ஒருவர் கையில் எட்டுப் பேர்கூட வருவார்கள். வாரத்துக்கு இரண்டு முறை குளிப்பாட்ட வேண்டும். குளியல் நாளன்று மதிய உணவு தாமதமாகாமல் முடித்தால் எங்களுக்குப் பெருமை.

இங்கே 40 வயதானதும் பராமரிப்புக் காப்பீட்டுக்குச் சந்தா கட்ட வேண்டும். திட்டம் 2000இல் வந்தது. 1971 முதல் 1974 வரை இரண்டாவதாக ஒரு கூட்டம் பிறந்தது, ஆண்டுக்கு 20 லட்சம் அளவில். அவர்கள் 40ஐத் தொட்டுச் சந்தா கட்டத் தொடங்கிய பின்தான் முதல் கூட்டம் 75க்கு வந்தது. இரண்டாம் கூட்டத்துக்குப் பின்னால் மூன்றாவது வரும் என்று எதிர்பார்த்தார்கள், வரவில்லை. அவர்கள் படிப்பு முடித்த நேரத்தில் பொருளாதாரம் சரிந்து, நிரந்தர வேலை கிடைக்காமல், திருமணம் தள்ளிப்போனதைப் பெரிய காரணமாகச் சொல்கிறார்கள். மலைப்பக்க ஊர்களில் முதியவர்களே குறையத் தொடங்கிவிட்டார்கள். இல்லங்களில் படுக்கை காலியாகிறது. பழனிவேல் ஐயா சொன்ன அதே பள்ளிக் கட்டடக் கதைதான்.

அருள் எழுதியது:

பாம்பு உவமை எனக்குப் புரிந்தது, ஏற்கிறேன். ஆனால் ஒரு தடை. அரசியல் ஆய்வாளர்கள் "யூத் பல்ஜ்" என்று எழுதும்போது 15 முதல் 24 வயதினர், 15க்கு மேற்பட்டோரில் எத்தனை பங்கு என்றுதான் அளக்கிறார்கள். கீழே ஒடுங்கியிருக்கிறதா என்று யாரும் பார்ப்பதில்லை. அந்த அளவுகோலில் நைஜரும் உள்ளே வந்துவிடும். மூலநூலில் ஆசிரியர் நைஜரை அப்படி அழைத்திருந்தால் மொழிபெயர்ப்பாளர் அவரைத் திருத்த முடியுமா?

கோமதி எழுதியது:

அருள், நீங்கள் கேட்டது நியாயம். நூலைப் புரட்டிப் பார்த்தேன். ஓரிடத்தில் நைஜரையும் அப்படித்தான் சொல்கிறார். ஆக எனக்கு இரண்டு சொற்கள் வேண்டும்.

பழனிவேல் ஐயா, "ஈடு" எனக்கு மிகவும் பிடித்த சொல். ஆனால் அதே பக்கத்தில் காப்பீடு, ஒதுக்கீடு, முதலீடு எல்லாம் வருகின்றன. "பேரீட்டின் காப்பீட்டு ஒதுக்கீடு" என்று எழுதிப் பார்த்தேன், வாய் தடுக்கியது. "பேரீடு" என்றதும் பெரிய இழப்பீடு என்றே படிப்பார்கள்.

இரவி சொன்ன கட்டியிலிருந்து "திரள்" கிடைத்தது. ஈரானுக்கும் ஜப்பானுக்கும் "வயதுத் திரள்" என்று எழுதப் போகிறேன். இளமையில் இருக்கும்போது இளந்திரள், முதுமையில் முதுதிரள். நைஜருக்கு "இளையோர் மிகுதி". அங்கே ஆசிரியர் பல்ஜ் என்றுதான் எழுதியிருக்கிறார் என்பதை அடிக்குறிப்பில் சொல்லிவிடுவேன். வசந்தா அம்மாவின் "மூப்பு" நான்காம் அத்தியாயத்தின் தலைப்பாகிவிட்டது.

பழனிவேல் எழுதியது:

திரள் நன்று. கூட்டம் என்றால் கலைந்துபோகும். திரள் சேர்ந்தே நகரும். "ஈடு" என்பதை ஓராண்டுப் பிறப்புக்காவது வைத்துக்கொள்ளுங்கள் என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன், "1983ஆம் ஆண்டு ஈடு" என்றால் யாரும் இழப்பீடு என்று நினைக்கமாட்டார்கள்.

"இளையோர் மிகுதி"யை ஏற்க முடியவில்லை. மிகுதி என்றால் தேவைக்கு மேல் என்றும் பொருள்படும். நைஜர் பிள்ளைகளில் எவரும் தேவைக்கு மேல் பிறந்தவர் அல்லர். ஜப்பானில் 1971இல் வந்த இரண்டாம் திரளுக்கு "மறுதிரள்" என்று குறித்துவைத்திருக்கிறேன். நைஜருக்கு மட்டும் இரண்டு நாளாக யோசிக்கிறேன், அகலும் அடிக்கு இன்னும் சொல் அமையவில்லை.